ஒன்பது நிமிடம், 612 கோப்புகள்

2019 ஜனவரி 28, திங்கட்கிழமை. தேக்காவில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையின் மாடியில், சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கீழே லாரியிலிருந்து பருப்பு மூட்டை இறக்கும் சத்தம் ஓயவில்லை. பில் போடும் பெண் படியேறி வந்து கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, இதப் பாத்தீங்களா?"

சுகாதார அமைச்சின் அறிவிப்பு அது. எச்ஐவி தொற்று உள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகிவிட்டன. பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, பரிசோதனை முடிவு, மருத்துவக் குறிப்பு, எல்லாம். 2013 ஜனவரி வரை தொற்று கண்டறியப்பட்ட சிங்கப்பூரர்கள் 5,400 பேர். 2011 டிசம்பர் வரை கண்டறியப்பட்ட வெளிநாட்டவர் 8,800 பேர். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று பதிவான இன்னும் 2,400 பேர்.

அந்த 8,800 என்ற எண்ணில்தான் என் கண் நின்றது. வேலைக்கும் தங்குவதற்கும் அனுமதி கேட்டு வந்தவர்களும் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை பஃபலோ ரோட்டில் தோளோடு தோள் உரச நடந்தவர்களுக்குத் தெரியும், வொர்க் பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனை என்றால் என்னவென்று. ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை ஊருக்குப் போன் பண்ணக்கூட மனம் வராது. அப்படி ரத்தம் கொடுத்தவர்களில் சிலருடைய ரகசியம், அவர்கள் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, யாரோ ஒருவரின் கோபத்துக்கு ஆயுதமாகிவிட்டது.

சிறு நிறுவனங்களின் கணினிகளையும் தரவுகளையும் பார்த்துக்கொள்வது என் தொழில். சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். சொந்த ஆளை வைக்க வசதியில்லாத கடைகள் வெளியாளை வைத்துக்கொள்கின்றன. அந்த வெளியாள்தான் நான். உள்ளே இருப்பவரே தரவை எடுத்துப்போகும் ஆபத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எச்ஐவி பதிவேட்டு விவகாரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது எப்படி வெளியே போனது என்று பார்த்தால், நாம் வழக்கமாகத் தேடும் இடம் எவ்வளவு தவறு என்று தெரிந்துவிடும்.

எந்த ஹேக்கரும் சுவரேறிக் குதிக்கவில்லை. பதிவேடு இருந்த தேசியப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு 2012 மார்ச் முதல் 2013 மே வரை தலைவராக இருந்தவர் ஒரு மருத்துவர். பதிவேட்டைத் திறந்து பார்ப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அவர் அதைத் தரவிறக்கி தம்ப் டிரைவில் வைத்திருந்தார். அவருடைய துணைவரான அமெரிக்கர் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்த அமெரிக்கரும் தொற்று உள்ளவர். வேலை அனுமதி பறிபோகாமல் இருக்க, மருத்துவரின் ரத்தத்தைத் தன் ரத்தம் என்று கொடுத்துப் பரிசோதனையைத் தாண்டியவர்.

உள்ளிருந்து வரும் ஆபத்துக்கு அறிகுறிகள் என்று பயிற்சி வகுப்புகளில் ஒரு பட்டியல் தருவார்கள். சம்பந்தமில்லாத கோப்பைத் திறப்பவர், நேரங்கெட்ட நேரத்தில் உள்ளே வருபவர், கடனில் இருப்பவர், மேலாளரோடு சண்டை போட்டவர், வேலையை விடப் போகிறவர். அந்த மருத்துவரை இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். அவர் திறந்தது அவர் திறக்க வேண்டிய கோப்பு. யாரும் சந்தேகப்படும் பதவியும் இல்லை. சந்தேகப்பட வேண்டியவர்களைப் பற்றி அறிக்கை வந்தால் அது அவர் மேசைக்கே வந்திருக்கும். காரணமும் பணமோ கோபமோ இல்லை. வீட்டில் இருந்த ஒரு உறவு. அதை எந்த மென்பொருளால் பார்க்க முடியும்? பார்க்க முடிந்தாலும், ஓர் ஊழியர் வீட்டில் யாரோடு வாழ்கிறார் என்று அலுவலகம் துருவுவதை நாம் ஏற்போமா? நான் ஏற்கமாட்டேன்.

அமைச்சு பிறகு என்ன செய்தது என்பதை நான் புதிதாகச் சேரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்வேன். 2016 செப்டம்பரில், பதிவேட்டின் தகவலைத் தரவிறக்கிப் பூட்டுத் திறக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தார்கள். தகவலை வெளியே எடுக்க முடியாதபடி பூட்டிய ஒரு தனிக் கணினியில்தான் அந்த வேலை நடக்க வேண்டும் என்றார்கள். 2017இல் அரசாங்கக் கணினிகள் எல்லாவற்றிலும், அனுமதியில்லாத தம்ப் டிரைவ் வேலை செய்யாதபடி அடைத்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுகூட ஊழியரின் மின்னஞ்சலைப் படிப்பதோ முகத்தைப் படமெடுப்பதோ இல்லை. மூன்றும் தரவைச் சுற்றியே நிற்கின்றன. தலைவரோ கடைநிலை ஊழியரோ, யார் வந்தாலும் அந்தக் கதவு ஒரே மாதிரிதான் திறக்கும்.

அதையெல்லாம் நகல் வெளியேறிய பிறகு செய்தார்கள். 2016 மே மாதம் போலீஸ் சோதனை போட்டு, கிடைத்ததையெல்லாம் கைப்பற்றியது. ஆனாலும் 2018 மே மாதம், நாடு கடத்தப்பட்ட பிறகும் அந்த அமெரிக்கரிடம் ஒரு பகுதி இருப்பது தெரிந்தது. 2019 ஜனவரியில் முழுவதும் இணையத்தில். ஒரு நகல் வெளியே போய்விட்டால் அதைத் திரும்ப வாங்கும் சட்டமோ போலீஸோ உலகத்தில் இல்லை. அதனால்தான் என் தொழிலில் கண்டுபிடிப்பதைவிட எடுக்க முடியாமல் செய்வதற்கே நான் நேரம் செலவிடுகிறேன்.

மூன்று ஆண்டு கழித்து அதே மாடியில் இன்னொரு நாள். கடை முதலாளி, நாங்கள் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம், வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். விற்பனைப் பிரிவில் ஏழு வருடம் இருந்த பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம். அதற்குள் மூன்று உணவகங்கள் வேறு மொத்த வியாபாரியிடம் மாறிவிட்டன. மூன்றுக்கும் புது வியாபாரி சொன்ன விலை, பெரியவர் கொடுத்த விலையைவிடக் கிலோவுக்குச் சரியாகச் சில காசு குறைவு. யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்து வைத்துச் சொன்ன மாதிரி.

"தம்பி, இனிமே எல்லாருடைய ஸ்கிரீனையும் நான் பாக்கணும். எவன் என்ன பண்றான்னு தெரியணும்."

அவர் கோபம் நியாயமானது. ஆனால் அவர் என்னைக் கேட்கும் முன்பே வேறொருவரிடம் சொல்லி ஒரு மென்பொருளை ஓடவிட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு திரையையும் படமெடுத்துச் சேமிக்கும் மென்பொருள். கணினி வைத்திருந்தவர்கள் 14 பேர். மணிக்கு 12 படம், நாளுக்கு 9 மணி நேரம். ஒரு நாளைக்கு 1,512 படங்கள். 26 வேலை நாளுக்கு 39,312. இதை யார் உட்கார்ந்து பார்ப்பது? பெரியவரால் முடியாது. என்னாலும் முடியாது.

எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் சில படங்களைத் திறந்தேன். முதல் இரண்டு விலைப்பட்டியல். மூன்றாவது படத்தில், பகல் 1.10 மணிக்கு, கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மா மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் தன் பரிசோதனை முடிவைத் திறந்து வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் பிள்ளைகள் பார்க்காத இடத்தில் பார்த்திருக்கிறார். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. உடனே மூடிவிட்டேன். ஆனால் பார்த்துவிட்டேன். இன்றுவரை எனக்குத் தெரியக் கூடாத ஒன்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தக் கோப்புறையை வேறு கண்ணால் பார்த்தேன். ஊழியர்களின் வங்கிக் கணக்கு, குழந்தையின் பள்ளிக் கடிதம், மருத்துவ முடிவு எல்லாம் படமாக ஒரே இடத்தில் குவிந்துகிடக்கின்றன. அதைத் திறக்க ஒரே ஒரு கடவுச்சொல் போதும். அது என்னிடம் இருக்கிறது. இரண்டு பேர் ஒப்புதல் இல்லை, தனிக் கணினி இல்லை, யார் திறந்தார் என்ற பதிவுகூட இல்லை. திருட்டைத் தடுக்கப் போய், நாங்களே ஒரு பதிவேட்டை உண்டாக்கியிருந்தோம். அதற்கு முழு அனுமதி உள்ள உள்ளாள் நான்தான். என்னை யார் கண்காணிப்பது?

சட்டமும் இதில் பேசாமல் இல்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை உறவை நிர்வகிக்கத் தேவையான தகவலை ஊழியரின் சம்மதம் இல்லாமலே சேகரிக்க முதலாளியை அனுமதிக்கிறது. பலர் அந்த ஒரு வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சம்மதம் தேவையில்லையே தவிர, என்ன நோக்கத்துக்காகச் சேகரிக்கிறோம் என்று முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லியாக வேண்டும். அந்த நோக்கமும் நியாயமான மனிதர் ஒருவர் பொருத்தம் என்று ஒப்புக்கொள்வதாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலைக் காக்க ஓர் அம்மாவின் ரத்தப் பரிசோதனையைப் படமெடுப்பது பொருத்தம் என்று யார் ஒப்புக்கொள்வார்? இன்னொன்றும் உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனம் வைத்திருக்கும் தனிநபர் தகவலை அனுமதியில்லாமல் வேண்டுமென்றே வெளியிடும் தனிமனிதருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் படக் கோப்புறையைக் கையில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும்.

பெரியவரிடம் ஒரு வாரம் கேட்டேன். அந்தப் பையன் என்ன செய்தான் என்று முதலில் பார்ப்போம், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

விற்பனைக் கோப்புறையை யார் திறந்தாலும் பதிவாகும்படி சர்வரில் நான் முன்பே வைத்திருந்தேன். விண்டோஸ் பாதுகாப்புப் பதிவில் அது 4663 என்ற எண்ணோடு விழும். ஒவ்வொரு கோப்புக்கும் யார், எந்தக் கோப்பு, எத்தனை மணி. அந்தப் பையன் சாதாரண நாளில் திறந்தது 10, 15 கோப்பு. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு 11 நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை 6.40க்கு ஆரம்பித்து ஒன்பது நிமிடத்தில் 612 கோப்பு. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாத்தியா!"

நான் உட்காரச் சொன்னேன். ஏனென்றால் இதே உருவத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆறு மாதம் முன்பு இன்னொரு ஊழியரின் பெயரில் ஒரே மூச்சில் இதைவிடப் பெரிய எண்ணிக்கை விழுந்தது. நான் அவரைக் கூப்பிட்டு, சந்தேகத்தை மறைக்காத குரலில் கேட்டேன். புது லேப்டாப் வந்திருந்தது. இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும் என்று, கோப்புறையை எப்போதும் கையில் வைத்திருக்கும் வசதியை அவர் சொடுக்கியிருக்கிறார். விண்டோஸ் தானாகவே முழுக் கோப்புறையையும் இழுத்துக்கொண்டது. அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நான் கேட்ட தொனி அவர் முகத்தில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்துப் பேசியதே இல்லை.

இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு எவை என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இயந்திரம் இழுத்தபோது மேலிருந்து கீழே எல்லாமே போயிருக்கிறது. 2014 பொங்கல் விருந்துப் படங்கள், பழைய லோகோ, யாரும் தொடாத விடுமுறைப் படிவம், எல்லாம். பையனின் 612இல் அப்படி ஒரு குப்பைகூட இல்லை. உணவகங்களின் விலை, கடன் வரம்பு, இரண்டு கோப்புறை மட்டும். இயந்திரம் வாரிக்கொண்டு போகும். ஆள்தான் பொறுக்குவான்.

அடுத்து அவன் திருப்பிக் கொடுத்த லேப்டாப்பை எடுத்தேன். எந்தத் தம்ப் டிரைவ் எப்போது முதல்முறை செருகப்பட்டது என்பதை விண்டோஸ் `setupapi.dev.log` என்ற கோப்பில் எழுதிவைக்கும். அதே சனிக்கிழமை 6.36க்கு, அதுவரை அந்த லேப்டாப் பார்த்திராத ஒரு டிரைவ். நான்கு நிமிட இடைவெளி.

இங்கேதான் என்னால் மேலே போக முடியவில்லை. டிரைவ் செருகியது தெரிகிறது, கோப்புகள் சர்வரிலிருந்து திறக்கப்பட்டது தெரிகிறது, ஆனால் அந்தக் கோப்புகள் அந்த டிரைவுக்குள் போயினவா என்பதற்குப் பதிவு இல்லை. அதைப் பதிவாக்க லேப்டாப்பில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும்:

```
auditpol /set /subcategory:"Removable Storage" /success:enable /failure:enable
```

நான் அதைப் போட்டிருக்கவில்லை. அது என் தவறு. இந்த வரி இருந்தால் வெளி டிரைவில் எழுதப்படும், திறக்கப்படும் கோப்பின் பெயரும், யார், எப்போது என்பதும் விழும், அந்த டிரைவுக்கு வெளியே நடப்பது எதுவும் விழாது. யார் எந்தப் பக்கம் பார்த்தார், யாருக்கு என்ன எழுதினார் என்பது அதற்குத் தெரியாது. இப்போது எல்லா இடத்திலும் முதல் நாளே போட்டுவிடுகிறேன். லேப்டாப்பின் பாதுகாப்புப் பதிவு சாதாரணமாக 20 எம்பியில் நின்றுவிடும், பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். அதையும் பெரிதாக்காவிட்டால், நாம் தேடிப் போகும் நாளுக்குள் அது அழிந்திருக்கும்.

பெரியவருக்கு வழக்குப் போட வேண்டும் என்றிருந்தது. கையில் இருந்ததை நான் ஒளிக்காமல் சொன்னேன். பலமான சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை. அதோடு ஏழு வருடம் அந்த உணவகங்களின் வாசலில் நின்ற பையனுக்குப் பெரிய பத்து வாடிக்கையாளரின் விலை மனப்பாடம். அது அவன் தலையில் இருக்கிறது, அதை யாராலும் தணிக்கை செய்ய முடியாது. திரையைக் கைப்பேசியால் படமெடுத்திருந்தாலும் எந்த மென்பொருளும் அறிந்திருக்காது. பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, விடு" என்றார்.

அவருக்கு இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினேன், ஏனென்றால் "எல்லாரையும் பாக்கணும்" என்ற ஆசை அவருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. 400 பேர் உள்ள நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 வேலை நாள். ஒரு மென்பொருள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு நாளும் எடைபோடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் தடவை. ஆயிரம் தடவைக்கு ஒரே ஒரு தடவைதான் தவறு செய்யும் என்றாலும், ஆண்டுக்கு 100 தடவை ஒரு குற்றமும் செய்யாதவரின் பெயரில் எச்சரிக்கை வரும். உண்மையில் ஒருவர் மூன்று நாள் தரவு எடுத்தார், மென்பொருள் மூன்றையும் பிடித்தது என்றே வைத்துக்கொள்வோம். 103 எச்சரிக்கையில் மூன்றுதான் உண்மை. மீதி நூறு தடவையும் நான் அந்த லேப்டாப் ஊழியரிடம் பேசிய குரலில் யாரோ யாரிடமோ பேசுவார்கள்.

மனக்கசப்பு என்ற அறிகுறிக்கும் இதே கதிதான். பிரிட்டனில் மாரிசன்ஸ் பேரங்காடியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஊழியரின் சம்பள விவரத்தை அங்கே உள்தணிக்கையாளர் ஒருவர் 2014இல் இணையத்தில் போட்டார். வெளித் தணிக்கையாளருக்கு அனுப்புவதற்காக முறைப்படி அவர் கையில் கொடுக்கப்பட்ட தரவு அது. சொந்த டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அவருக்கு எட்டு ஆண்டு சிறை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் மீது ஒரு சிறு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது, அந்தக் கசப்புதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. பின்னால் பார்த்தால் அது அறிகுறி. ஆனால் ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேர் மேலாளரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள்! திட்டு வாங்கிய எல்லாரையும் கண்காணித்தால், கசப்பு இல்லாதவருக்கும் கசப்பு வந்துவிடும். அந்தச் சம்பளப் பட்டியலைச் சொந்த டிரைவில் நகலெடுக்க முடியாதபடி யாராவது அடைத்திருந்தால், அவர் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒரே ஓர் அறிகுறியை மட்டும் நான் நம்புகிறேன், ராஜினாமா. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளாட்கள் நிறுவனத்தின் அறிவுச்சொத்தைத் திருடிய வழக்குகளைச் சேர்த்துப் படித்தவர்கள். வேலையை விடுவதாகச் சொல்வதற்கு முந்தைய 30 நாளிலும் பிந்தைய 30 நாளிலும்தான் பெரும்பாலான திருட்டு நடக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். இதற்கு யாருடைய குணத்தையும் எடைபோட வேண்டாம். கடிதம் மேசைக்கு வந்த தேதி ஒன்று போதும். எல்லாருக்கும் பொருந்தும், விரும்பிப் போகிறவருக்கும் வருத்தத்தோடு போகிறவருக்கும். பெரியவரின் விற்பனைப் பையனும் கடிதத்துக்கு 11 நாள் முன்னால்தான் அந்த 612 கோப்பைத் திறந்தான்.

அதை வைத்துத்தான் பதிவுகளை 90 நாள் வைத்திருக்கிறோம். கடிதத்துக்கு முன்பு ஒரு மாதம், நோட்டீஸ் ஒரு மாதம், போன பிறகு ஒரு மாதம். அதற்கு மேல் வைத்திருந்தால் ஊழியருக்கு ஆபத்து கூடுமே தவிர, பெரியவருக்கு லாபம் எதுவும் இல்லை.

படமெடுக்கும் மென்பொருளை நீக்கினோம். கோப்புறையை அழிக்கும்போது பெரியவரையும் அவர் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்தேன், ஒரு படத்தையும் திறக்காமல் அழித்தேன். பிறகு விலைப்பட்டியலுக்கு வந்தோம். அதுவரை ஒன்பது பேரால் எல்லா உணவகத்தின் விலையையும் பார்க்க முடிந்தது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. எப்போதோ யாருக்கோ அவசரத்துக்குத் திறந்துவிட்டது அப்படியே நின்றுவிட்டது. இப்போது விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் உணவகங்கள் மட்டும் தெரியும். முழுப் பட்டியலையும் இரண்டு பேர்தான் பார்க்க முடியும். வெளி டிரைவில் எழுதுவது ஒரே ஒரு கணினியில் மட்டும். அது பில் போடும் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கிறது.

விலைக் கோப்புறையில் பத்து நிமிடத்தில் நூறு கோப்புக்கு மேல் திறந்தால் மட்டும் எச்சரிக்கை வரும். அதில் ஊழியர் பெயர் இருக்காது, கணினியின் எண் இருக்கும். பெயரைப் பார்க்க வேண்டுமானால் பெரியவரின் மகளும் நானும் இரண்டு பேரும் சேர்ந்து திறக்க வேண்டும், திறந்ததற்குக் காரணம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பேப்பர் நோட்டுதான். அதன்பிறகு முதலில் பார்ப்பது எவை என்பதை. பொங்கல் விருந்துப் படமும் சேர்ந்து போயிருந்தால் அங்கேயே மூடிவிடுவோம். பொறுக்கிய மாதிரி இருந்தால்தான் ஆளைக் கேட்போம், அதுவும் "அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்வியோடு. நான் முன்பு கேட்ட கேள்வி அது இல்லை.

இதெல்லாம் முழுப் பாதுகாப்பு இல்லை. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தால் இது நிற்காது. தன் பதினைந்து உணவகத்தின் விலையை ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் போவது அந்தப் பதினைந்துதான், 140 உணவகங்களும் இல்லை. எச்ஐவி பதிவேட்டிலும் ஒருவர் தன் மேசைக்கு வந்த ஒரு நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லியிருந்தால் அது ஒரு குடும்பத்தின் துயரமாக முடிந்திருக்கும். 14,200 பேரும் ஒரு தம்ப் டிரைவில் போக முடிந்ததுதான் நடந்ததைப் பேரிழப்பு ஆக்கியது.

கடைசியாக அறிவிப்பு எழுதினோம். எதைப் பதிவு செய்கிறோம், எதைப் பதிவு செய்யவில்லை, யார் பார்க்க முடியும், எத்தனை நாள் இருக்கும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம். வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். வேலையை விடுபவருக்கு, கடிதம் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளின் கோப்புப் பதிவைப் பார்ப்போம் என்றும் அதில் எழுதியிருந்தது. எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லி நான் படித்துக் காட்டினேன். விற்பனையாளர்களில் ஒருவர், "நாங்க உணவகத்துக்காரங்களோட வாட்ஸ்அப்புல பேசறதையும் பாப்பீங்களா?" என்றார். உங்கள் சொந்தக் கைப்பேசியைத் தொடமாட்டோம் என்றேன். அவர் தலையாட்டினார், முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது கணக்குப் பிரிவு அம்மா நின்றார். மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, மெடிக்கல் லீவுக்கு நாங்க குடுக்கிற சீட்டு எல்லாம் அந்த எச்ஆர் ஃபோல்டர்ல ஸ்கேன் பண்ணி வைக்கிறாங்களே. அத யார் யார் பாக்கலாம்?"

நான் கணினியைத் திறந்து பார்த்தேன். ஒன்பது பேர்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அங்கேயே ஒவ்வொரு பெயராக எடுக்க ஆரம்பித்தேன்.